ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டை வலியும் குரல் கம்மலும்: எதுவரை பொறுக்கலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயசு. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் நடந்து மூணு நாள் ஆச்சு. வயிறு பரவாயில்ல, தொண்டைதான் வலிக்குதுன்னு சொல்றாங்க. குரலும் கரகரன்னு ஆயிடுச்சு. மயக்கத்துல ட்யூப் போட்டதாலயா? எப்போ சரியாகும்? இ.என்.டி. டாக்டரைப் பார்க்கணுமா?

பதில்:

ட்யூப்தான் காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வலி பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும், சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும். குரல் அதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தெளியும். நேற்றைவிட இன்று தேவலை என்று அம்மா சொன்னால் இப்போதைக்கு இ.என்.டி. டாக்டர் தேவையில்லை. ஒரு வாரம் கழித்தும் குரல் அப்படியே இருந்தால் காட்டிவிடுங்கள். ஆனால் சில வகைக் குரல் மாற்றத்துக்கு அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைக்கிறேன்.

நான் மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷனுக்கு மறுநாள் வார்டுக்குப் போனால், தையல் வலியைவிட "எச்சில் முழுங்க முடியல டாக்டர்" என்ற பேச்சுதான் அதிகம் காதில் விழும். ட்யூப் போட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருக்கு ஏதோ ஓர் அளவில் தொண்டை வலி வரும். டிஸ்சார்ஜ் செய்யும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஊதி உப்ப வைப்பார்கள். தசைகள் முழுதாகத் தளர மருந்து கொடுப்பதால் நோயாளி தானாக மூச்சு விட முடியாது, வென்டிலேட்டர்தான் விட வேண்டும். அதற்காக நாக்கை ஒதுக்கி, குரல் நாண்கள் இரண்டுக்கும் நடுவே மூச்சுக்குழாய்க்குள் ட்யூபைச் செலுத்துகிறோம். பெண்களுக்கு வழக்கமாகப் போடுவது 7 மி.மீ. ட்யூப். அது உள்விட்டம்தான். சுவரையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மி.மீ. வந்துவிடும். ட்யூப் வளைந்து போவதால் அதன் எடை குரல் நாண்களின் பின்பக்கத்தில் அழுந்தும். அங்கே குருத்தெலும்பின் மேல் மெல்லிய சவ்வு மட்டும்தான் இருக்கிறது.

குரல் நாண்களுக்குக் கீழே ட்யூபைச் சுற்றி 'கஃப்' என்றொரு சின்ன பலூன் இருக்கும். காற்று கசியாமலும், வாயில் ஊறுவது நுரையீரலுக்குள் இறங்காமலும் அது தடுக்கும். அதற்குள் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மூச்சுக்குழாய் உட்சவ்வுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையத் தொடங்கும். இதை அளக்கச் சின்ன மீட்டர் உண்டு. பல தியேட்டர்களில் இன்னும் வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். விரல் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடும். நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அந்த வாயு கஃப்புக்குள் புகுந்து, நேரம் போகப் போக அழுத்தத்தை ஏற்றும். இது போக வாயை உலர்த்தும் மருந்துகள், ட்யூப் எடுக்கும்போது வரும் இருமல், வயிற்றுக் காற்றை எடுக்க விடும் இன்னொரு குழாய் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆக, எந்தத் தவறும் நடக்காமலே தொண்டை வலிக்கலாம்.

(வலது தோள்பட்டையும் வலிக்கிறது என்று அம்மா சொன்னால் பயப்படாதீர்கள். அது ட்யூப் சமாச்சாரம் இல்லை, வயிற்றில் ஊதிய வாயு உதரவிதானத்தை உறுத்துவது. அதுவும் சில நாளில் போய்விடும்.)

இனி குரல். வலியையும் குரலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாகக் கவனியுங்கள். குரல் மாறியிருக்கிறது என்பதைவிட எப்படி மாறியிருக்கிறது என்பதே முக்கியம். சளி பிடித்தாற்போல் கனத்து, கரகரவென்று, ஆனால் சத்தம் முழுதாக வந்தால் அது குரல் நாண் வீக்கம். தானாக வடியும். மாறாக, பேசும்போது பாதி காற்றாகவே போகிறது, ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று முறை மூச்சு வாங்குகிறார், போனில் பேசினால் எதிர்முனைக்குக் கேட்கவில்லை என்றால் அது வேறு. குரல் நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடவில்லை என்று அர்த்தம்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. அம்மாவை நிமிர்ந்து உட்காரவைத்து, மூச்சை இழுத்து 'ஸ்ஸ்ஸ்' என்று முடிந்தவரை நீட்டச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து 'ஆ' என்று அதேபோல் நீட்டச் சொல்லுங்கள். இரண்டையும் விநாடி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஸ்' சொல்லக் குரல் நாண் அசைய வேண்டியதில்லை, வெறும் மூச்சு போதும். 'ஆ' சொல்ல இரண்டும் சேர வேண்டும். வயிற்றில் தையல் இருப்பதால் அம்மாவால் ஆழமாக மூச்சிழுக்க முடியாது, எனவே இரண்டுமே குறைவாக வந்தால் அது வயிற்று வலியின் வேலை. 'ஸ்' 12 விநாடி நீண்டு, 'ஆ' மட்டும் ஐந்து ஆறிலேயே காற்றாகிப் போனால் கசிவு குரல் நாணில் இருக்கிறது. இது பரிசோதனைக்கு மாற்று இல்லை, டாக்டரிடம் எப்போது போவது என்று முடிவு செய்ய மட்டும்தான்.

கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட பள்ளி ஆசிரியை ஒருவரின் கதை இது. முதல் நாளிலிருந்தே தொண்டை வலி அவருக்கு அதிகமில்லை, குரல்தான் காற்று. வீட்டில் "பேசாம இரு, சரியாயிடும்" என்று விட்டுவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்துத் தையல் பார்க்க வந்தவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னோம். இரண்டாவது மடக்கிலேயே புரையேறியது. இட்லியும் குழைந்த சாதமும் சிரமமில்லாமல் இறங்குகிறதாம், தண்ணீரும் காபியும்தான் தொல்லை. இது ஓர் அடையாளம். குரல் நாண் சரியாக மூடாவிட்டால் மெல்லிய திரவம்தான் முதலில் வழி தவறும். இ.என்.டி. டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டுப் பார்த்ததில் இடது குரல் நாண் அசையவில்லை. கஃப் குரல் நாணுக்கு மிக அருகில் உட்கார்ந்துவிட்டால், அங்கே ஓடும் நரம்புக் கிளை பலூனுக்கும் தைராய்டு குருத்தெலும்புக்கும் நடுவில் நசுங்கலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு.

அவருக்கு ஊசி, அறுவை எதுவும் தேவைப்படவில்லை. தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி வாய் வாயாகக் குடிக்கப் பழக்கினார்கள், தண்ணீருக்குப் பதில் கஞ்சி மாதிரி சற்றுக் கெட்டியானதைக் கொடுத்தார்கள், பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் குரல் ஏறக்குறைய திரும்பிவிட்டது. நசுங்கிய நரம்பு மீள வாரக்கணக்கில் ஆகலாம், ஆறு மாதம் வரைகூடப் போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்ததன் லாபம் நரம்புக்கு இல்லை, நுரையீரலுக்கு. புரையேறி நிமோனியா வராமல் காப்பாற்றினோம்.

சீக்கிரம் பார்த்தால் குரலுக்கே லாபம் உள்ள நிலையும் ஒன்று உண்டு. குரல் நாணை அசைக்கும் சின்னக் குருத்தெலும்பு ட்யூப் பட்டு இடம் விலகுவது. இதில் குரல் காற்றாகப் போவதோடு, விழுங்கும்போது வலியும் குறையாமல் நிற்கும். இது மிக அரிது, ஆனால் முதல் சில நாட்களிலேயே பார்த்தால் திரும்ப இடத்தில் வைப்பது எளிது. விட்டுவிட்டால் அப்படியே இறுகிவிடும். ஆகவே காற்றுக் குரல், புரையேறுதல், நாளுக்கு நாள் குறையாத விழுங்கும் வலி மூன்றில் எது இருந்தாலும் நாளையே காட்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இன்னொன்று. குரல் நன்றாகத் தெளிந்து, சில வாரம் கழித்து மறுபடி கம்மும். கூடவே தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலிருக்கும், அடிக்கடி கனைக்கத் தோன்றும். ஆபரேஷனை எல்லாரும் மறந்திருப்பார்கள், "ஜலதோஷம்" என்று சொல்லிவிடுவார்கள். ட்யூப் அழுந்திய பின்பக்கத்தில் சதைத் திரட்சி வளர்ந்திருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம். புற்று இல்லை, பெரும்பாலும் குரலுக்கு ஓய்வும் அமிலம் குறைக்கும் மாத்திரையுமே போதும். ஆனால் பார்க்கப் போகும்போது "இந்தத் தேதியில் ட்யூப் போட்டார்கள்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். அடிக்கடி வாய் நனையத் தண்ணீர் குடிக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏற்கெனவே அது வேறு பெயரில் இருக்கும், இன்னொன்றைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். இது உரசலில் வந்த புண், கிருமியால் வந்ததில்லை. மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட கஷாயம் ரணத்தை எரியவைக்கும், அதுவும் வேண்டாம். பேசுவதைக் குறைக்கட்டும், பேசினால் மெதுவாகச் சாதாரணக் குரலில் பேசட்டும். கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு என்று நினைக்கிறோம், பலருக்கு அது குரல் நாணை இன்னும் இறுக்கவே செய்கிறது. கனைப்பதும் அப்படித்தான், கனைக்கத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர்.

மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், மூச்சுத் திணறல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, ரத்தமாக இருமுவது, காய்ச்சலோடு கழுத்து அல்லது நெஞ்சில் கடும் வலி, கழுத்துத் தோலை அமுக்கினால் நறநறவென்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்து எப்போதாவது மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், மயக்க டாக்டரிடம் போன முறை குரல் இப்படி ஆனது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு சைஸ் சின்ன ட்யூப் போடலாம், கஃப் அழுத்தத்தை மீட்டரில் அளந்து வைக்கலாம், டெக்ஸாமெதசோன் ஊசி சேர்க்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அந்த ஊசி சர்க்கரையை ஓரிரு நாள் ஏற்றும்.