ஒட்டிய நாடகப் பிரதியைப் பெயர், வசனம், மேடைக் குறிப்பு என்று பிரிப்பது: கேள்வி பதில்

வாட்ஸ்அப்பில் வந்த நாடகத்தை வேர்டில் ஒட்டினேன். யார் பேசுவது, எது குறிப்பு என்றே தெரியாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கிறது, வரிகள் வேறு பாதியில் உடைந்திருக்கின்றன. எங்கே தொடங்குவது?

முதலில் வேர்டை மூடுங்கள். தடித்த எழுத்து, உள்தள்ளல் எல்லாம் கடைசி வேலை. பிரதியை ஒரு வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, விஎஸ் கோட் மாதிரி ரெஜெக்ஸ், அதாவது வாய்பாடு கொடுத்துத் தேடுவது, தெரிந்த எடிட்டரில் திறங்கள். உங்கள் பிரதி ஏறக்குறைய இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

```
கதிர்: நீ சொன்ன நேரம் 7:30 தானே? (கதவைப்
பார்த்து) இன்னும் வரலையே. மீனா: வருவார். ஒன்று
சொல்கிறேன்: அவசரப்படாதே. (தாத்தா உள்ளே
நுழைகிறார்) தாத்தா: என்ன சத்தம்?
```

இதில் எந்த இடத்திலும் கை வைப்பதற்கு முன்னால் பாத்திரங்களின் பெயர்ப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஆசிரியர் முதல் பக்கத்தில் எழுதிய பட்டியலை நம்ப வேண்டாம், பிரதிக்குள் உண்மையில் என்னென்ன எழுத்துக்கூட்டலில் பெயர்கள் கிடக்கின்றன என்பதுதான் முக்கியம். லினக்ஸ் அல்லது மேக் இருந்தால் கோலனுக்கு முன்னால் வரும் சொற்களை மட்டும் எண்ணிப் பார்க்க இது போதும்:

```
grep -oE '[^ :]+:' nadagam.txt | LC_ALL=C sort | LC_ALL=C uniq -c
```

மேலே உள்ள நான்கு வரிகளுக்கு இது கதிர், மீனா, தாத்தா மூன்றையும் காட்டும், கூடவே `7:`, `சொல்கிறேன்:` இரண்டையும் காட்டும். அந்த இரண்டும் பெயர் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். இந்தக் கட்டளை கடைசிச் சொல்லை மட்டும்தான் பிடிக்கும், அதனால் "மீனாவின் அம்மா" இருந்தால் "அம்மா" என்றுதான் வரும். அந்த இடத்தைப் பிரதியில் பார்த்து முழுப் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் பிறகு வரி பிரிக்கும்போது "மீனாவின்" முந்தைய வசனத்தின் வாலில் தொங்கும்.

பட்டியல் எடுத்தேன். "கதிர்" இரண்டு முறை தனித்தனியாக வருகிறது! ஒன்று 41, இன்னொன்று 6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இது என்ன?

அந்த ஆறில் "ர்" என்ற எழுத்தே இருக்காது. துணைக்கால் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள், அதாவது `ா்`. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலும் ஸ்கேன் செய்து எடுத்த எழுத்திலும் இது சர்வசாதாரணம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. `ா்` என்பதை எல்லா இடத்திலும் `ர்` என்று மாற்றுங்கள், தமிழில் துணைக்கால் மேல் புள்ளி வரவே வராது என்பதால் பயப்பட வேண்டாம். "கௌரி" மாதிரிப் பெயர் இருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள், ஒற்றை `கௌ` ஓரிடத்திலும் `கெ` + `ள` இன்னோரிடத்திலும் இருக்கும்.

இவ்வளவு சுற்றுவது எதற்கு? கோலன் வரும் இடத்தில் எல்லாம் புது வரி போட்டால் பெயர் மேலே, வசனம் கீழே வந்துவிடுமே. நான் அப்படித்தான் செய்வேன்.

ஒவ்வொருவர் பேச்சும் ஏற்கெனவே தனி வரியில் தொடங்கி, வசனத்துக்குள் கோலனே இல்லாத சுத்தமான பிரதி என்றால் நீங்கள் சொல்வது சரி, ஒரே அடியில் முடியும். மேலே உள்ள பிரதியில் செய்தால் "7" ஒரு பாத்திரமாகிவிடும், "சொல்கிறேன்" இன்னொரு பாத்திரமாகிவிடும், மீனா கதிரின் வசனத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்பாள். பட்டியலில் உள்ள பெயரும் கோலனும் சேர்ந்து வந்தால்தான் அது பாத்திரப் பெயர். இந்த விதியை விட்டுவிடாமல் மூன்று தடவை தேடி மாற்ற வேண்டும், வரிசை முக்கியம்.

முதலில் வெற்று வரிகளை நீக்கிவிட்டு, உடைந்த வரிகளைச் சேருங்கள். இதைத் தேடி ஒரு இடைவெளியால் மாற்றுங்கள்:

```
\n(?!(கதிர்|மீனா|தாத்தா)\s*:|காட்சி|\()
```

பெயரிலோ, காட்சித் தலைப்பிலோ, அடைப்புக்குறியிலோ தொடங்காத வரி எல்லாம் முந்தைய வரியோடு ஒட்டிக்கொள்ளும். `\s*:` இருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் "மீனா வந்தாளா" என்று தற்செயலாக வரித் தொடக்கத்தில் வரும் வசனமும் புதுப் பேச்சாக நின்றுவிடும்.

அப்புறம் நடுவில் புகுந்துள்ள பெயர்களைக் கீழே இறக்க, இதைத் தேடி `\n$1` என்று மாற்றுங்கள்:

```
\s+((?:கதிர்|மீனா|தாத்தா)\s*:)
```

கடைசியாக `^(கதிர்|மீனா|தாத்தா)\s*:\s*` என்று தேடி `$1\n` போட்டால் பெயர் தனி வரி, வசனம் தனி வரி. மேடைக் குறிப்பு மட்டும் இன்னும் மீனாவின் வசனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கையால்தான் பிரிக்கச் சொல்வேன்.

நான் பைதானில் `^\w+:` என்று எழுதினேன். "கதிர்" ஒன்றுகூடச் சிக்கவில்லை, ஆனால் "கமல:" மாதிரி சில வருகின்றன.

பைதானின் `re` தொகுப்பில் `\w` புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாது. "கதிர்" என்பதில் "கத" வரை போய் இகரக் குறியில் நின்றுவிடும், குறியே இல்லாத "கமல" தப்பித்துவிடும். `^[^:\n]+:` என்று எழுதுங்கள். இல்லை, பட்டியலையே போட்டுவிடுங்கள், அதுதான் நல்லது.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் கணக்கு வர எந்த எழுத்துரு, எத்தனை அங்குலம் ஓரம் விட வேண்டும்?

அது திரைக்கதைக்கான கணக்கு. மேடை நாடகப் பிரதிக்கு அது பொருந்தாது, நேரம் வேண்டுமென்றால் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுதான் வழி.

எங்கள் நாடகத்தில் பாட்டு உண்டு. நீங்கள் சொன்ன முதல் மாற்றத்தைச் செய்தேன், பாட்டு முழுக்க ஒரே பத்தியாகிவிட்டது.

அந்த மாற்றம் அப்படித்தான் செய்யும், அதற்குப் பாட்டு என்று தெரியாது. Ctrl+Z போட்டுத் திரும்பிப் போய், பாட்டின் ஒவ்வொரு வரி முன்னாலும் பிரதியில் வேறெங்கும் வராத ஒரு குறி, உதாரணமாக `~` போடுங்கள். தேடும் வாய்பாட்டில் `|\(` என்பதை அடுத்து `|~` சேர்த்துவிட்டால் அந்த வரிகள் தொடப்படாது. ஒரு விஷயம், பாட்டு முடிந்ததும் அதே பாத்திரம் பேசத் தொடங்கினால் அந்த முதல் வரியும் பாட்டோடு போய் ஒட்டும். அந்த இடங்களைப் பார்த்துப் பிரியுங்கள்.

எழுத்து வேலை முடிந்தது. தமிழில் பெரிய எழுத்து இல்லையே, பெயரை எப்படி எடுத்துக் காட்டுவது? ஒவ்வொன்றாகத் தடிமனாக்கினால் விடிந்துவிடும்.

லிப்ரெஆபிஸ் ரைட்டரில் பெயர், வசனம், குறிப்பு என்று மூன்று பத்திப் பாணிகளை உருவாக்குங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வசனப் பாணி கொடுங்கள். பிறகு தேடும் பெட்டியில் `Regular expressions` குறியிட்டு `^(கதிர்|மீனா|தாத்தா)$` என்று `Find All` கொடுத்தால் பெயர்கள் மட்டும் மொத்தமாகத் தேர்வாகும், பெயர்ப் பாணியை இரட்டைச் சொடுக்கினால் போதும். `^\(.*\)$` என்று தேடித் தனி வரிக் குறிப்புகளுக்கும் அப்படியே. பெயர்ப் பாணியில் தடித்த எழுத்தோடு `Text Flow` பகுதியில் `Keep with next paragraph` குறியிட மறக்காதீர்கள். இல்லையென்றால் பெயர் ஒரு பக்கத்தின் அடியிலும் வசனம் அடுத்த பக்கத்திலும் போய், ஒத்திகையில் நடிகர் தாளைப் புரட்டிக்கொண்டு நிற்பார்.

குறிப்பைக் கையால் பிரிக்கச் சொன்னீர்களே, எது தனி வரி, எது வசனத்துக்குள்?

"(கதவைப் பார்த்து)" கதிர் தன் வரியை எப்படிச் சொல்கிறான் என்பதைச் சொல்கிறது, அதனால் வசனத்துக்குள்ளேயே இருக்கட்டும். "(தாத்தா உள்ளே நுழைகிறார்)" மீனாவின் காரியமே இல்லை. அது தனி வரி, ஏனென்றால் தாத்தாவாக நடிப்பவர் மீனாவின் வசனத்துக்குள் தன் வருகையைத் தேட மாட்டார். ஆக இப்படி:

```
கதிர்
    நீ சொன்ன நேரம் 7:30 தானே? (கதவைப் பார்த்து) இன்னும் வரலையே.
மீனா
    வருவார். ஒன்று சொல்கிறேன்: அவசரப்படாதே.
        (தாத்தா உள்ளே நுழைகிறார்)
தாத்தா
    என்ன சத்தம்?
```

பேசிக்கொண்டே "(எழுந்து ஜன்னலருகே போகிறான்)" என்று வந்தால்? எங்கள் இயக்குநர் அதையும் தனி வரி என்கிறார்.

நான் உள்ளேயே விடுவேன், பேச்சு உடையாது. ஒளியமைப்பவரும் இதே பிரதியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார் என்றால் உங்கள் இயக்குநர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நகர்வுகள் ஓரமாகத் தெரிந்தால் அவருக்கு எளிது. தனி வரியாக்கினால், குறிப்புக்குப் பிறகு தொடரும் வசனத்துக்கு மேலே "கதிர்" என்று மறுபடி போடுவதா என்பதையும் அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் போடுவார்கள், நான் போடுவதில்லை, பிரதி முழுக்க ஒரே மாதிரி இருந்தால் சரி.