ஆழத்தில் நிற்காமல் ஆடும் நீரடி ரோபோ: பிஐடியைத் தொடும் முன் எடையைப் பாருங்கள்

கேள்வி: ஹட்டனில் இருந்து கேட்கிறேன். நானும் நண்பர்களும் செய்த சின்ன நீரடி ரோபோவை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் 2 மீட்டரில் நிறுத்தினால் ஒரு சாண் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. முன்னால் ஓட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போதே ஆழம் மைனஸ் காட்டுகிறது. பிஐடி எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. எங்கே பிழை?

பதில்:

மைனஸ் ஆழத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். `MS5837` சென்சாருக்குப் பலரும் போடுகிற லைப்ரரியின் `depth()`, காற்றழுத்தத்தை 101300 பாஸ்கல் என்று கடல் மட்டக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. காசல்ரீ சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 88800 பாஸ்கலை ஒட்டித்தான் இருக்கும். அந்த வித்தியாசம் தண்ணீரில் ஏறக்குறைய 1.3 மீட்டர். நுவரெலியா கிரகரி வாவியில் போட்டால் 2 மீட்டரைத் தாண்டும். ஆகவே ரோபோ மிதந்துகொண்டிருக்கும்போது சில விநாடி அழுத்தத்தின் சராசரியை `p0` என்று எடுத்து, அதையே பூச்சியமாக வையுங்கள்:

```
depth = (sensor.pressure(MS5837::Pa) - p0) / (997 * 9.80665);
```

`p0`-ஐ ஒவ்வொரு முறை இறக்கும்போதும் புதிதாக எடுங்கள். ஒரே நாளில் காற்றழுத்தம் மாறுவதே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காட்டும்.

ஆனால் ஆட்டத்துக்குக் காரணம் இது இல்லை. நீங்கள் ரோபோவை ஏறவும் இறங்கவும் விடாமல் அச்சொட்டாகச் சமன் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதைத்தான் நல்ல சமநிலை என்று நம்புகிறார்கள். ஆழத்தைப் பிடித்து நிற்க வேண்டுமென்றால் அதுதான் மோசமான நிலை. மோட்டாரை ஓட்டும் ஈஎஸ்சிக்கு 1500 நடுப்புள்ளி. அதன் இரு பக்கமும் ஒரு செத்த இடம் உண்டு, சில ஈஎஸ்சிகளில் 1475 முதல் 1525 வரை. அதற்குள் என்ன கட்டளை கொடுத்தாலும் த்ரஸ்டர் சுற்றாது. சமனான ரோபோவுக்குத் தேவைப்படும் உந்துதல் எப்போதும் பூச்சியத்தை ஒட்டியே இருப்பதால் கட்டளை அந்தச் செத்த இடத்துக்குள்ளேயே கிடக்கும். ரோபோ மெல்ல நழுவும். பிழை பெரிதாகி மோட்டார் திடீரென்று பிடிக்கும், ரோபோ மறுபக்கம் தாண்டிப்போகும், அங்கிருந்தும் இதே கதை. எந்த பிஐடி எண்ணும் இதைத் தீர்க்காது.

உறுதி செய்ய ஒரு வழி: செங்குத்துக் கட்டளையைப் பதிவு செய்து வரைபடமாகப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோடு பூச்சியத்தைக் கடந்து போனால் எடைதான் காரணம். கடக்காமல் ஒரே பக்கத்தில் ஆடினால்தான் பி, டி எண்களைச் சந்தேகப்பட வேண்டும்.

தீர்வு, ரோபோவை வேண்டுமென்றே கொஞ்சம் மிதக்கவிடுவது. உங்களுடையது சுமார் 4.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 60 கிராம் அளவு மிதப்பு போதும். கரையோரத்தில் இரும்பு நட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டி, ரோபோ ஏறாமல் இறங்காமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் சமையலறைத் தராசில் 70 கிராம் வரும் நட்டுகளைக் கழற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் இரும்பின் எடை எட்டில் ஒரு பங்கு குறைவதால் அந்த 70 கிராம் உள்ளே ஏறக்குறைய 60 ஆகத்தான் வேலை செய்யும். இப்போது இரண்டு செங்குத்து த்ரஸ்டர்களும் ஆளுக்கு 30 கிராம் கீழ்நோக்கித் தள்ளியபடியே இருக்கும். ஓடுகிற மோட்டாரைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் இனி வேலை. அந்த 30 கிராமிலும் கட்டளை செத்த இடத்தைத் தாண்டவில்லை என்று பதிவு காட்டினால் இன்னும் கொஞ்சம் இரும்பைக் கழற்றுங்கள். நம் நீர்த்தேக்கங்களின் அடியில் தோட்டத்து மண் சேறாகப் படிந்திருக்கிறது அல்லவா? ரோபோவைக் கீழே தள்ளும்போது நீர்த்தாரை மேல்நோக்கிப் போவதால் அந்தச் சேறும் கலங்காது, கேமராவில் படம் தெளிவாக வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எடையைக் கூட்டி மூழ்கவிடும் பக்கம் போக மாட்டேன்.

சமன் பார்ப்பதை ரோபோ ஓடப்போகும் தண்ணீரிலேயே செய்யுங்கள். திருகோணமலைக் கடலில் சமன் பார்த்த இதே ரோபோ காசல்ரீயில் நூறு கிராமுக்கு மேல் மிதப்பை இழந்து நேரே அடிக்குப் போய்விடும்.

மிதப்புக்கு என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. மென்மையான நுரையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அது ஆழத்தில் நசுங்கும். நசுங்கினால் மிதப்பு குறையும், குறைந்தால் ரோபோ இன்னும் இறங்கும், இன்னும் நசுங்கும். மலைநாட்டில் மேலிருக்கும் காற்று மெல்லியது என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. அழுத்தம் மேற்பரப்பில் இருந்ததைப் போல் இரு மடங்காவது கடலில் 10.1 மீட்டரில், காசல்ரீயில் 9 மீட்டரிலேயே. இரு முனையும் மூடி ஒட்டிய பீவீசி குழாய் இந்த ஆழங்களில் நசுங்காது. 2 மீட்டரிலும் 8 மீட்டரிலும் நிறுத்தி, சராசரிக் கட்டளையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆழத்தில் அது குறைந்திருந்தால் ஒன்று மிதப்பு நசுங்குகிறது, அல்லது எங்கோ தண்ணீர் புகுகிறது.

அடுத்து, ஓட்டும்போது மேலே வருவது. முன்தள்ளும் த்ரஸ்டர்கள், தண்ணீர் ரோபோவைப் பின்னே இழுக்கும் மையக் கோட்டுக்குக் கீழே இருப்பதால்தான் மூக்கு தூக்குகிறது. அவை 2.3 சென்டிமீட்டர் கீழே இருந்து 10 நியூட்டன் தள்ளினால், மிதப்பு மையமும் எடை மையமும் 4 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள 4.2 கிலோ ரோபோ சுமார் 8 பாகை சாயும். அந்தச் சாய்வில் முன்தள்ளலில் 1.4 நியூட்டன் மேல்நோக்கிப் போய்விடும். நீங்கள் வைத்த மிதப்பே 0.6 நியூட்டன்தான். குழாயை உச்சிக்கும் ஈயக்குண்டுகளை அடிச்சட்டத்துக்கும் நகர்த்தி அந்த இடைவெளியை 8 சென்டிமீட்டர் ஆக்கினால் சாய்வு பாதியாகும். முடிந்தால் த்ரஸ்டர்களையும் மேலே ஏற்றுங்கள். மிச்சத்தைக் கலவையில் ஈடுசெய்யலாம்:

```
heave = bias + Kp*e + Ki*sum - Kd*vz + Ks*surge;
left  = heave + roll;
right = heave - roll;
```

இதில் `heave` கீழ்நோக்கி பிளஸ், `e` என்பது வேண்டிய ஆழத்திலிருந்து இருக்கும் ஆழத்தைக் கழித்தது, `vz` இறங்கும் வேகம், `surge` முன்தள்ளும் கட்டளை. `bias` அந்த 60 கிராமுக்கானது. `Ks` இல்லாவிட்டால் ஓடும் நேரமெல்லாம் ஐ-தான் அந்த 1.4 நியூட்டனைச் சேர்த்துக்கொண்டு போகும், நிறுத்தியவுடன் ரோபோ கீழே பாயும். இடைவெளி 8 சென்டிமீட்டர் ஆனபின் ரோபோ தானாகவே நிமிர்ந்து நிற்கும் என்பதால் `roll`-ஐப் பூச்சியமாகவே விடலாம். பெரிதாகக் கொடுத்தால் ஒரு பக்க மோட்டார் திரும்பவும் செத்த இடத்துக்குள் விழும்.

கடைசியில்தான் எண்கள். 30 பார் சென்சார் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் படிகளில் காட்டும். விநாடிக்கு 50 தடவை வாசித்து நேரடியாகக் கழித்தால் ஒரே படி விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகமாகத் தெரியும். `vz`-ஐ 0.2 அல்லது 0.3 விநாடிக்கு மிருதுவாக்கிவிட்டு, கையால் தள்ளினால் தாண்டாமல் திரும்பி வரும்வரை டி-யைக் கூட்டுங்கள். ஐ-யை மிக மெதுவாக, இறுதியில் சேருங்கள். மோட்டார் உச்சத்தில் இருக்கும்போது `sum` கூடாமல் நிறுத்திவையுங்கள்.