பதினோரு முகம், பத்தடி பேனர்

"தாராவியில் எங்கள் தெரு முத்துமாரியம்மன் கொடைக்கு 10க்கு 6 அடியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறோம். குடும்பத்தில் 11 பேர் படத்தையும் வெட்டி வைக்கணும். போன வருஷம் முகமெல்லாம் மங்கிப் போச்சு. எழுத்தும் கிட்டப் போனால்தான் தெரிஞ்சது. கடைக்காரருக்குத் தமிழும் தெரியாது. என்ன செய்யணும் அண்ணே?"

முகம் மங்கினால் எல்லாரும் மெஷினைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, படம் கடைக்கு எப்படிப் போனது என்று. கல்யாண வீட்டில் முழு உருவமாக எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருப்பீர்கள். அது படத்தைச் சுருக்கி, நீள வாட்டத்தில் சுமார் 1600 பிக்சலாக்கிவிடும். ஆள் உயரத்தில் தலை ஏழில் ஒரு பங்கு. ஆக, முகத்துக்குக் கிடைப்பது 200 பிக்சல்தான்.

உங்கள் பேனரில் 11 பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் முகம் சிறுத்துப் போகும். பின்னால் ஆறு, முன்னால் ஐந்து என்று நிறுத்துங்கள். ஆளுக்கு 20 அங்குல இடம் கிடைக்கும். தலையை 9 அங்குல உயரத்துக்கு வைக்கலாம். 200 பிக்சலை 9 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 22 பிக்சல். மங்காமல் என்ன செய்யும்? 40 இருந்தால் ஃப்ளெக்ஸுக்குப் போதும். அதாவது தலைக்கு 360 பிக்சல். இடுப்பு வரைக்கும் புதிதாக ஒரு படம் எடுத்து, 'டாகுமென்ட்' ஆக அனுப்பினால் அதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

படம் எடுக்கும்போது ஆறடி தள்ளி நின்று 2x-இல் எடுங்கள். கிட்டப் போனால் மூக்கு பெரிசாகிவிடும். எல்லாருக்கும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழட்டும். இல்லாவிட்டால் ஒட்டுவேலை என்று பார்த்ததுமே தெரியும். சுண்ணாம்புச் சுவர் முன்னால் மட்டும் நிறுத்தாதீர்கள். வெட்டும்போது அக்கா தலையிலிருக்கும் மல்லிகைப் பூவும் சுவரோடு சேர்ந்து காணாமல் போகும். ஒரு அத்தைக்குப் பாதிச் சரம்தான் மிஞ்சியது. அந்தக் கோபம் அடுத்த கொடை வரைக்கும் தீரவில்லை. நீலமோ பச்சையோ ஒரு போர்வையைப் பின்னால் கட்டிவிட்டால் போதும். வெட்டிய பிறகு முடி ஓரத்தில் அந்த நிறம் கோடாக நிற்கும். போட்டோஷாப்பில் Select and Mask போய் Decontaminate Colors-ஐ டிக் செய்யச் சொல்லுங்கள்.

இனி எழுத்து. பொதுவாக, பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்பது கணக்கு. தமிழுக்கு நான் ஒன்றரை அங்குலம் வைப்பேன். 'ழ', 'ஞ', 'ணை' இவற்றின் சுழிகளெல்லாம் தூரத்தில் ஒட்டிப்போகும். தெருமுனையிலிருந்து 40 அடி என்றால் தலைப்புக்கு 6 அங்குலம். இதை ஃபான்ட் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே சுழி, கீழே கால் என்று அதில் பாதி இடம் போய்விடும். 'ப' எழுத்தின் உயரத்தை ரூலர் வைத்து அளக்க வேண்டும். 'முத்துமாரியம்மன்' ஒன்பது எழுத்து. இந்த அளவில் சுமார் ஆறடி நீளம் பிடிக்கும். இடது பக்கம் அம்மனுக்கு மூன்றடி விட்டாலும் இடம் இருக்கிறது. 'கொடை விழா' அடுத்த வரியில்.

போன வருஷம் எழுத்தைக் கெடுத்தது அவுட்லைனாகத்தான் இருக்கும். கடைகளில் தடித்த ஃபான்டுக்கு மேல் வெள்ளை, அதற்கு மேல் கறுப்பு என்று சுற்றுவார்கள். Stroke-ல் Position என்பதை Outside என்று மாற்றாவிட்டால் கோடு உள்பக்கமும் ஏறிச் சுழிகளை அடைத்துவிடும். மெரூன் பின்னணியில் மஞ்சள் எழுத்து, வெளியே ஒரே ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேல் வேண்டாம். தங்க நிற ஷேடிங் திரையில் மட்டும்தான் அழகு.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாததில் இன்னொரு ஆபத்து உண்டு. அவர் கம்ப்யூட்டரில் World-Ready Layout போடாமல் நீங்கள் அனுப்பிய வரியை ஒட்டினால், 'கொடை'யின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அவர் கண்ணுக்கு அது தவறாகவே படாது. அதனால் வரிகளை டைப் செய்து கொடுக்காதீர்கள். தமிழ் தெரிந்தவர் அடித்து, Convert to Shape செய்த ஃபைலாகக் கொடுங்கள். முழு அளவு 72 டிபிஐ-யில் 8640க்கு 5184 பிக்சல் வரும். நான்கு ஓரத்திலும் மடித்து ஐலெட் அடிக்க 2 அங்குலம் காலியாக விடுங்கள்.

அச்சுக்குப் போகுமுன் டிசைனைப் போனில் குறுக்கே திருப்பிப் பாருங்கள். படம் நாலரை அங்குல அகலம் இருக்கும்; ஒன்றரை அடி தள்ளிப் பிடித்தால், 40 அடியிலிருந்து பேனர் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். அம்மன் பெயர் படிக்க வரவில்லையென்றால், அடியில் இருக்கும் "இவண்" பட்டியலைக் குறைத்து அந்த இடத்தைத் தலைப்புக்குக் கொடுங்கள்.

பொது இடத்தில் கட்டுவதாக இருந்தால் மாநகராட்சி ஜி நார்த் வார்டு அலுவலகத்தில் அனுமதி வாங்கிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். அனுமதி இல்லாத பேனரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.