மோவாய்க்கு அடியில் தங்கிவிட்ட ராணி பிங்க்

கேள்வி: “கல்யாண ஆல்பத்துக்காக ஒரு படத்தில் ராணி பிங்க் பட்டுப்புடவையையும் ரவிக்கையையும் போட்டோஷாப்பில் பாட்டில் கிரீனாக மாற்றினேன். துணி நன்றாக வந்துவிட்டது. ஆனால் பெண்ணின் மோவாய்க்கு அடியிலும் கழுத்திலும் செம்மை அப்படியே நிற்கிறது. முகத்தை வேறு படத்திலிருந்து ஒட்டியதுபோல இருக்கிறது. அங்கேயும் பச்சை அடித்துப் பார்த்தேன், நோய் வந்த மாதிரி ஆகிவிட்டது. என்ன செய்வது?”

பச்சை அடித்ததில்தான் சிக்கல். துணியின் நிறத்தை எத்தனை டிகிரி திருப்பினோமோ, தோலில் படிந்த சாயலையும் அத்தனை டிகிரி திருப்பினால் போதும் என்று தோன்றும். ஆனால் மோவாய்க்கு அடியில் இருப்பது பிங்க் நிறமல்ல. துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மாநிறத் தோலின் மேல் விழுந்து உண்டான கலவை. தோல் சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும், பச்சையைக் குறைவாக, நீலத்தை அதைவிடக் குறைவாக. அதனால்தான் ராணி பிங்க் துணியிலிருந்து வரும் ஒளி தோலில் பிங்காகத் தெரியாமல் செம்மையாகத் தெரிகிறது. அந்த இடத்தில் Hue ஸ்லைடரைத் திருப்பினால், துணி தந்த ஒளியோடு சேர்த்துத் தோலின் இயல்பான சிவப்பையும் பச்சையாக்கிவிடுகிறீர்கள். எனவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள்: முதலில் பழைய துணி தந்த ஒளியை எடுத்துவிட வேண்டும், பிறகு புதுத் துணி தரக்கூடிய ஒளியை மட்டும் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு எடுப்பது என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். படத்திலேயே அதற்கான கணக்கு இருக்கிறது. Color Sampler Tool எடுத்து, Sample Size-ஐ 11 by 11 Average என்று வையுங்கள். ஒரு புள்ளியை மோவாய்க்கு அடியில், செம்மை அதிகமாக உள்ள இடத்தில் வையுங்கள். இன்னொன்றை நிழல் பக்கத்து நெற்றிப்பொட்டில், அதாவது புருவ முனைக்கும் காதுக்கும் நடுவே வையுங்கள். துணியின் ஒளி அங்கே எட்டாது. இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். வெளிச்சம் பட்ட கன்னத்தோடு மோவாயின் நிழலை ஒப்பிட்டால் எல்லா எண்களும் தப்பாகப் போகும்.

எண்களோடு ஒன்று செய்து பார்ப்போம். Info பேனலில் நெற்றிப்பொட்டு R 131, G 89, B 67 என்றும், மோவாய் அடி R 149, G 85, B 69 என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முந்தைய புடவையின் வெளிச்சமான மடிப்பு R 210, G 30, B 125. அந்தத் துணியில் பச்சை கிட்டத்தட்ட இல்லை, கவனியுங்கள். ஆக, துணி மோவாயின் G சேனலில் எதையும் சேர்த்திருக்க முடியாது. அங்கே இருக்கும் 85 என்பது, புடவையே இல்லாதிருந்தால் அந்த இடம் எப்படி இருந்திருக்குமோ அந்த அளவு. துணி எந்த நிறத்தைத் திருப்பி அனுப்பவில்லையோ அந்தச் சேனல்தான் கறைபடாத சாட்சி. மற்ற இரண்டையும் அதை வைத்துச் சரிசெய்யலாம்.

85-ஐ 89-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.955. நெற்றிப்பொட்டின் சிவப்பு 131-ஐ அதனால் பெருக்கினால் 125, நீலம் 67-ஐப் பெருக்கினால் 64. அதாவது மோவாய் அடியின் சொந்த நிறம் 125, 85, 64. துணி ஏற்றிவைத்தது சிவப்பில் 24, நீலத்தில் 5. செம்மையைப் போக்கினால் அந்த இடம் சற்று இருண்டும் போகும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. Color பிளெண்ட் மோடில் நிறத்தை மட்டும் மாற்றும் வழி இங்கே பொய்யாகத் தெரிவது அதனால்தான்: சாயல் போய்விடும், ஆனால் எங்கிருந்தோ வந்த வெளிச்சம் மட்டும் மோவாயில் மிச்சமிருக்கும்.

இனி லேயர். ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு Normal மோடிலேயே விடுங்கள். Red சேனலைத் தேர்ந்து, கோட்டில் ஒரு புள்ளி வைத்து Input 149, Output 125 என்று தட்டச்சு செய்யுங்கள். அதே கோட்டில் Input 210, Output 210 என்று இன்னொரு புள்ளியும் வையுங்கள். திரும்பி வரும் ஒளி கொஞ்சம்தான். நிழலில் அது பெரிதாகத் தெரியும், ஏற்கெனவே நல்ல வெளிச்சம் பட்ட தோலில் தெரியவே தெரியாது. மேல் புள்ளியைக் கட்டி வைக்காவிட்டால் தாடை விளிம்பில் வெளிச்சம் விழுந்த பகுதி சாம்பல் பூத்துவிடும். Blue சேனலில் Input 69, Output 64. Green சேனலைத் தொடாதீர்கள். பிறகு மாஸ்க்கைச் சொடுக்கி Ctrl+I அழுத்திக் கறுப்பாக்குங்கள்.

வேலையின் பெரும்பகுதி இந்த மாஸ்க்கில்தான். பிரஷின் Hardness 0, Flow 10, அளவு மோவாயின் அகலத்தில் பாதி, நிறம் வெள்ளை. எங்கே தடவுவது என்பதைத் துணியின் இடத்திலிருந்து யோசியுங்கள்: எந்தத் தோல் துணியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதோ அங்கேதான் அதன் ஒளி விழும். மோவாயின் அடிப்பக்கத்திலும் தாடையெலும்பின் கீழ் விளிம்பிலும் முழு அளவு வேண்டும். கீழுதட்டுக்குக் கீழே உள்ள குழிவில் அரை அளவு, மூக்கின் அடியில் ஒரே ஒரு தடவல். கழுத்தில் ரவிக்கை விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று விரலகலத்துக்குப் பலமாகவும் அதற்கு மேலே மங்கியும் வரட்டும். புடவை மேல் படிந்திருக்கும் முழங்கையின் உட்புறத்தை மறக்காதீர்கள். பலர் முகத்தை முடித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். கன்னத்தின் முன்பக்கமும் மோவாயின் முன்மேடும் துணியைப் பார்க்கவில்லை, அங்கே மாஸ்க் கறுப்பாகவே இருக்கட்டும். உதட்டையும் விட்டுவிடுங்கள், அதன் சிவப்பு அதனுடையது.

தடவும்போது எல்லா லேயருக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Hue/Saturation லேயர் போட்டு Saturation +60 வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத செம்மைத் திட்டுகள் அதில் உடனே எழும்பித் தெரியும். அதிகமாக எடுத்துவிட்ட இடம் பச்சை கலந்த சாம்பலாகக் காட்டிக்கொடுக்கும். திட்டு எதுவும் இல்லாமல் நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே தோலாகத் தெரிந்தால் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

இப்போது பச்சை. புதுத் துணியின் வெளிச்சமான மடிப்பு R 12, G 82, B 60 என்று வைத்துக்கொள்வோம். பிங்கின் 210-க்கு எதிரே 82 என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று தோன்றும், அப்படியல்ல. கோப்பில் உள்ள எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவுகள் அல்ல, காமா வளைவில் ஏற்றப்பட்டவை. உண்மையான ஒளியாக மாற்றினால் 210 என்பது சுமார் 0.64, 82 என்பது சுமார் 0.084. பாட்டில் கிரீன் திருப்பித் தரும் பச்சை ஒளி, ராணி பிங்க் தந்த சிவப்பு ஒளியில் ஏழில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதியை மாநிறத் தோல் விழுங்கிவிடும். முடிவில் மோவாயின் பச்சை 85-லிருந்து 87-க்குத்தான் ஏறும். உங்கள் பிரஷ் அங்கே எவ்வளவு அதிகமாக அடித்திருக்கும் என்று இப்போது புரியும்.

ஆகவே இரண்டாவது Curves லேயரில் Green-க்கு Input 85, Output 87 மட்டும் போதும். முதல் லேயரின் மாஸ்க்கை Alt அழுத்தி இழுத்து இதன் மேல் விட்டால் அதுவே நகலாகிவிடும். இவ்வளவு சின்ன மாற்றத்துக்குத் தனி லேயர் எதற்கு என்றால், வாடிக்கையாளர் நாளைக்குக் கிளிப்பச்சை கேட்பார். அப்போது எடுக்கும் லேயரைத் தொடாமல் சேர்க்கும் லேயரை மட்டும் மாற்றினால் போதும். R 120, G 200, B 40 உள்ள கிளிப்பச்சைக்கு அதே மோவாய் 133, 100, 64 அளவுக்குப் போகும்: பச்சையில் 15, சிவப்பிலும் 8 ஏற வேண்டும். அது பச்சைத் திட்டாகத் தெரியாது, வெளுத்த ஆலிவ் சாயலாகத் தெரியும். பளிச்சென்ற துணிக்கு அது இல்லாவிட்டால்தான் படம் பொய்யாகும். கருநீலம், அரக்கு, பாட்டில் கிரீன் போன்ற அடர்நிறங்களுக்குச் சேர்ப்பதைவிட எடுப்பதே பெரிய வேலை.

நகையில் இந்தக் கணக்கு செல்லாது. தோல் ஒளியைச் சிதறடிக்கிறது. அட்டிகையின் வெள்ளைக் கல்லும் பொன்னின் வழவழப்பான முகமும் துணியை அப்படியே பிரதிபலிக்கின்றன. அங்கே தெரியும் பிங்க் புள்ளிகளுக்குத் துணியில் போட்ட அதே Hue/Saturation லேயரின் நகலைப் பயன்படுத்துங்கள்: கல்லுக்கு முழு அளவில், பொன்னுக்கு Opacity 50 சுற்றி. பூச்சரத்தில் மல்லிகை துணியை உரசிக்கொண்டிருந்தால் அதன் நிழலிலும் பிங்க் இருக்கும். வெள்ளைப் பூவாகையால் அங்கே Saturation-ஐக் குறைத்தாலே போதும்.

ரவிக்கை விளிம்பில் மெல்லிய பிங்க் கோடு மிஞ்சினால் அது துணியின் ஒளி அல்ல. லென்ஸின் மென்மையால் துணியும் தோலும் கலந்துபோன பிக்சல்கள். துணியின் மாஸ்க்கை விரித்து மூடப் பார்த்தால் தோலில் பச்சைக் கோடு வரும். காலி லேயர் ஒன்றை Color மோடில் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, நான்கு பிக்சல் பிரஷால் அந்தக் கோட்டின் மேல் போங்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பழைய துணியில் ஏதாவது ஒரு சேனல் மிகவும் தாழ்ந்திருக்க வேண்டும். பிங்க், சிவப்புக்கு அது பச்சை, எலுமிச்சை மஞ்சளுக்கு நீலம், அடர்நீலத்துக்குச் சிவப்பு. சந்தன நிறம், வெள்ளை, வெளிர் ரோஜா போன்றவற்றில் மூன்று சேனலும் உயர்ந்திருப்பதால் சாட்சி கிடைக்காது; நெற்றிப்பொட்டின் எண்களைப் பார்த்துக் கண்ணளவில்தான் போக வேண்டும். மோவாயில் சிவப்பு 255-ஐத் தொட்டு வெட்டுப்பட்டிருந்தால் Curves-ஆல் எதையும் மீட்க முடியாது; கேமராவின் RAW கோப்பிலிருந்து எக்ஸ்போஷரைக் குறைத்து 16 பிட்டில் மறுபடி திறக்க வேண்டும்.

ஆல்பத்தின் மற்றப் படங்களுக்கு லேயர்களை நகலெடுக்கலாம், எண்களை அப்படியே நம்ப வேண்டாம். பெண் தலை குனிந்தால் மோவாய் துணிக்கு அருகே வரும், ஏறவேண்டிய அளவும் இறங்கவேண்டிய அளவும் மாறும். ஒவ்வொரு படத்திலும் இரண்டு புள்ளிகளையும் வைத்து வகுத்துப் பாருங்கள். மாஸ்க்கைப் புதிதாகவே தடவுங்கள்.