12 பரப்புக் காணி, எட்டுத் துண்டு, ஒரு விளம்பரம்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்களுக்கு 12 பரப்புக் காணி இருக்கிறது. அம்மா தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு, எனக்கும் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் பிரியாத அரைப்பங்காக நன்கொடை எழுதித் தந்தவர். எட்டுத் துண்டாகப் பிரித்து, பரப்பு 15 இலட்சத்துக்கு விற்க நினைக்கிறோம். "தெளிவான உறுதி, அகலமான பாதை, பிரபல பாடசாலைகளுக்கு அருகில்" என்று விளம்பரம் எழுதி வைத்திருக்கிறேன். 12 அடிப் பாதை போதும், காணி மிஞ்சும் என்கிறார் தரகர். வாசிப்பவர்கள் நம்பி வரும்படி இதை எப்படித் திருத்தலாம்?

பதில்: ரீச்சர், நீங்கள் எழுதிய மூன்று விஷயமும் இப்போது எல்லாக் காணி விளம்பரத்திலும் இருக்கின்றன. வாசிப்பவர் அவற்றைத் தாண்டி விலைக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் போய்விடுவார். அவரை நிறுத்தி வைக்கக் கூடியவை உங்களிடம் உண்டு. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முதலில் உறுதி. உங்கள் உறுதியில் பிழை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் இன்றைய நிலையில் அதைத் "தெளிவான உறுதி" என்று போடாதீர்கள். வாங்க வருபவரின் சட்டத்தரணி அதை விரித்தவுடன் அம்மாவின் சீவிய உரித்தில் நின்றுவிடுவார். அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்தக் காணியின் ஆட்சியும் பயனும் அவருக்குத்தான். அதனால் ஒவ்வொரு துண்டின் விற்பனை உறுதியிலும் அவர் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் சீவிய உரித்தைக் கைவிடுவதாக முதலே ஓர் உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். எட்டுத் தரம் அவரை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு திரிவதைவிட இரண்டாவது வழி சுகம். ஒன்று மட்டும்: அந்தக் கையெழுத்தோடு அம்மாவின் கைப்பிடி போய்விடுகிறது. முதல் துண்டு விற்ற காசில் ஒரு பகுதியை அவர் பெயரில் நிலையான வைப்பில் போடுவது என்று நீங்களும் தம்பியும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது தம்பி. பிரியாத பங்கு என்பதால் எட்டுத் துண்டிலும் ஒவ்வோர் அங்குலத்திலும் அவருக்குப் பாதி இருக்கிறது. அவர் வர முடியாவிட்டால், அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்திலோ துணைத் தூதரகத்திலோ அற்றோணித் தத்துவம் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே பதிவு செய்ய வேண்டும். "தம்பி ஓம் எண்டு சொல்லிப்போட்டார்" என்பதை எந்தச் சட்டத்தரணியும் ஏற்க மாட்டார். உங்கள் பாதியை மட்டும் தனியே விற்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேசவழமைப்படி பங்காளிக்குத்தான் முதல் கொள்வனவு உரிமை. அவருக்கு முறையாக அறிவிக்காமல் விற்றால் வாங்கியவர் பின்னால் வழக்குக்கு அலைய நேரிடும். நீங்கள் திருமணமானவர் என்றால், தேசவழமைக்கு உட்பட்ட பெண் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதையும் உறுதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனிப் பாதை. எனக்குக் கூடுதல் அக்கறை இதில்தான், காரணம் நானே இதில் மாட்டியவன். முதன்முதல் நான் வாங்கிய துண்டின் உறுதியில் துண்டின் இலக்கமும் எல்லைகளும் சரியாக இருந்தன. பாதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீடு கட்டக் கடன் கேட்டபோது வங்கியின் மதிப்பீட்டாளர் படலையில் நின்றபடி, "இந்தப் பாதை ஆற்றை?" என்று கேட்டார். விற்றவரின் பெயரிலேயே கிடந்தது. அவரைத் தேடிப் பிடித்துப் பாதை உரிமைக்கு உறுதி எழுதி வாங்க எட்டு மாதம் போனது.

ஆகவே நில அளவையாளரிடம் பாதையையும் ஒரு தனித் துண்டாக, இலக்கம் போட்டு, படத்தில் காட்டச் சொல்லுங்கள். எட்டு உறுதியிலும் "துண்டு 9 இன் மேலான பொதுப் பாதை உரிமையுடன்" என்ற வரி வர வேண்டும். பிறகு அந்தத் துண்டைப் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அகலத்துக்கு வருவோம். உங்கள் 12 பரப்பு 32,670 சதுர அடி. காணி 150 அடி அகலம், 218 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். நடுவால் 20 அடிப் பாதை விட்டால் 1.6 பரப்புப் போகும், விற்க 10.4 பரப்பு, அதாவது துண்டுக்கு 1.3 பரப்பு. 12 அடி விட்டால் 11.04 பரப்பு மிஞ்சும். தரகர் சொன்ன இலாபம் அந்த 0.64 பரப்புத்தான், உங்கள் விலைக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். அகலப் பாதைக் காணி பரப்புக்கு ஏறத்தாழ 92 ஆயிரம் கூட விலை போனாலே அந்த இழப்பு ஈடாகிவிடும். கொங்கிரீட் லொறி உள்ளே வந்து திரும்பும் பாதைக்கு அந்த வித்தியாசத்தைக் கேட்பது அதிகமில்லை. பாதை முட்டுச் சந்தாக முடிவதால் கடைசியில் வாகனம் திரும்ப இன்னும் சிறிது இடம் விட வேண்டி வரும். இதையெல்லாம்விட, எத்தனை துண்டுக்கு எத்தனை அடிப் பாதை என்று விதி இருக்கிறது. தரகரின் வாயைப் பார்க்காமல், அளவைக்கு முன்பே வலிகாமம் தெற்குப் பிரதேச சபையில் கேளுங்கள். சபை அங்கீகரிக்காத படத்துக்கு வங்கி கடன் தராது.

உள்ளே 20 அடி விட்டுவிட்டு, வெளியே காங்கேசன்துறை வீதியில் இருந்து வரும் ஒழுங்கையை மறந்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் வேலி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா! கதியால் மாற்றும் ஒவ்வொரு முறையும் அரை அடி வெளியே வந்து நிற்கும். நாடாவை எடுத்துக்கொண்டு போய் மிக ஒடுங்கிய இடத்தை அளந்து, அந்த எண்ணையே விளம்பரத்தில் போடுங்கள். வருபவர் எப்படியும் காரில் வந்து அதைக் கண்டுகொள்வார்.

பாடசாலை விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. "பிரபல" என்பதை வெட்டிவிட்டுப் பெயரையும் வீதியால் போகும் தூரத்தையும் எழுதுங்கள். அனுமதி கிடைக்கும் என்ற தொனி மட்டும் வேண்டாம். முதலாம் தர அனுமதியில் அருகில் வசிப்போருக்கான புள்ளிகள் வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் எத்தனை வருடம் இருந்தார்கள் என்பதையும் பொறுத்தவை. இந்த வருடம் காணி வாங்கி அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்க வருபவருக்கு உங்கள் விளம்பரம் பொய்யாகத்தான் படும்.

வேலைகள் முடிந்த பிறகு நான் போடுவது இப்படி இருக்கும். எண்களை நீங்கள் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"மருதனார்மடம் சந்தியில் இருந்து 850 மீற்றர். 1.3 பரப்பு வீதம் எட்டுத் துண்டுகள். பிரதேச சபை அங்கீகரித்த நில அளவைப் படம் உண்டு. உள்பாதை 20 அடி, தனித் துண்டாக அளக்கப்பட்டது, பாதை உரிமை உங்கள் உறுதியில் எழுதப்படும். வெளி ஒழுங்கை ஒடுங்கிய இடத்தில் 13 அடி. உரித்தாளர்களின் நேரடி விற்பனை. 30 வருடப் பதிவேட்டுப் பிரதி உங்கள் சட்டத்தரணிக்குத் தரப்படும். இராமநாதன் கல்லூரி வீதியால் 1.1 கிலோமீற்றர்."

விளம்பரம் வந்த அன்றே யாராவது முற்பணத்தோடு வந்து நிற்பார்கள். வெறும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்து வாங்காதீர்கள். காணி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும். தம்பியின் அற்றோணித் தத்துவம் இங்கே பதிவாகும்வரை எவரிடமும் ஒரு சதமும் வாங்க வேண்டாம். அப்புறம், மூலதன ஆதாய வரிக் கணக்குக்கு, 2017 செப்டெம்பர் 30இல் உங்கள் கையில் இருந்த காணி என்றால் அன்றைய சந்தை மதிப்புத் தேவைப்படும். துண்டு பிரித்து விற்பதை வியாபாரமாகக் கணிக்கவும் இடமுண்டு. முதல் உறுதி எழுத முன்னரே ஒரு மதிப்பீட்டாளரையும் வரிக் கணக்காளரையும் பாருங்கள்.