வாசலில் இரண்டு நிமிடம்

"எங்கள் எதிர் வீட்டுக்கு நேற்று முன்தினம் ஒரு குடும்பம் குடிவந்திருக்கிறது. ஒரு வயதான அம்மா, அவர் மகள், கைக்குழந்தை. போய்ப் பேசி, ஏதாவது உதவி செய்ய ஆசை. ஆனால் இதற்கு முன்பு அங்கே இருந்தவர்கள் வந்த அன்றே நான் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன். அதன் பிறகு என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்தத் தடவை எப்படிப் பழகுவது?"
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போனது தப்பில்லை. போன நேரமும் உட்கார்ந்த நேரமும்தான் அவர்களைச் சங்கடப்படுத்தியிருக்கும். சாமான் இறக்கிய அன்று வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. உட்காரச் சொல்ல நாற்காலி இருக்காது, இருந்தாலும் அதன் மேல் நாலு மூட்டை இருக்கும். அந்த நிலையில் வாசலில் ஒருவர் வந்து நின்றால் "உள்ளே வாங்க" என்று சொல்லவும் கூச்சம், சொல்லாமல் இருக்கவும் கூச்சம். அதனால் இந்தத் தடவை உள்ளே போகவே போகாதீர்கள். அவர்களே கூப்பிட்டாலும், "இன்னொரு நாள் சாவகாசமா வர்றேன், நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். வாசலில் இரண்டு நிமிடம் போதும்.

இதை நான் ஒரு பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். நான் ஒரு வீட்டுக்குக் குடிபோன அன்று சாயங்காலம், பெட்டிகளில் ஒட்டியிருந்த டேப்பைச் சாவியால் கீறிக் கீறிப் பிரித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் ஏதோ ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. அவர் படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு ஒரு கத்தரிக்கோலையும் மடித்த சீட்டு ஒன்றையும் நீட்டினார். "இது இப்பத் தேவைப்படும். மெதுவாக் குடுங்க, அவசரமில்லை" என்றார். தன் பெயரைச் சொன்னார், என் பெயரைக் கேட்கக்கூட இல்லை. நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார்.

அன்று ராத்திரி குளியலறைக் குழாயின் திருகு கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, எதை மூடுவது என்று தெரியவில்லை. அந்தச் சீட்டின் முதல் வரியே, "தண்ணீர் மெயின் வால்வு: மாடிப்படிக்குக் கீழே, சிவப்புப் பிடி" என்றிருந்தது. ஓடிப்போய் மூடினேன். தரை நனைந்ததோடு போயிற்று.

நீங்களும் அப்படி ஒரு சீட்டு எழுதுங்கள். புதிதாக வந்தவருக்கு ஊர் விவரம் போனில் கிடைத்துவிடும். அந்தக் கட்டடத்தின் விவரம் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மெயின் வால்வு எங்கே, கரண்ட் மெயின் சுவிட்ச் எங்கே, குப்பையை எந்த நாளில், எத்தனை மணிக்குள் வெளியே வைக்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தினால் யாருக்கும் வழி மறிக்காது, வெளிக்கதவு இறுகிக்கொண்டால் எப்படித் தூக்கித் திறப்பது. கடைசியில் உங்கள் பெயர், வீட்டு எண், போன் நம்பர். இவ்வளவு போதும். கொட்டை எழுத்தில் எழுதுங்கள், அந்த வயதான அம்மாவும் படிக்கட்டும். பழைய குடித்தனக்காரர்களைப் பற்றியோ, மேல் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்றோ ஒரு வார்த்தையும் வேண்டாம், வாயாலும் வேண்டாம். அவர்கள் இனிமேல்தான் எல்லோரையும் பார்த்துப் பழகப் போகிறார்கள்.

அடுத்தது, உதவியைச் சொல்லும் விதம். "என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று நாம் மனசாரத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்பவருக்கு அதில் வேலை கூடிவிடுகிறது. எதைக் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், எந்த நேரத்தில் கேட்கலாம் என்று அவரே யோசிக்க வேண்டும். யோசித்துவிட்டு, கேட்காமலே இருந்துவிடுவார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பொருளையோ வேலையையோ சொல்லுங்கள்: "எங்ககிட்ட ஏணி இருக்கு. திரைச்சீலை மாட்ட வேணும்னா நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் வெளியிலேயே சாத்தி வைக்கிறேன், எடுத்துக்கங்க." வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்கள். வேண்டாமென்றால் ஏணி சும்மா நிற்கும், யாரும் யாருக்கும் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இப்படி உதவுகிற பொருட்கள்: கத்தரிக்கோல், சுத்தியல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒரு வாளி, துடைப்பம். எல்லோர் வீட்டிலும் இருக்கும், அன்றைக்கு மட்டும் கைக்குக் கிடைக்காது.

கைக்குழந்தை இருக்கிற வீடு என்பதால் இன்னொன்று. "குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்று முதல் சந்திப்பில் சொல்லாதீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு நிமிடம் முன்பு பார்த்தவரிடம் எந்தத் தாயும் பிள்ளையைக் கொடுக்கத் தயங்குவாள், அந்தத் தயக்கத்தை உங்கள் முகத்துக்கு நேரே காட்டவும் அவளுக்கு மனசு வராது. குழந்தை தூங்கும் நேரம் எது என்று தெரியாததால் காலிங் பெல்லையும் அடிக்காதீர்கள். மெதுவாக இரண்டு தட்டு, திறக்காவிட்டால் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்துவிடுங்கள். சாப்பாடு கொண்டுபோக நினைத்தால், எதைச் சாப்பிடுவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டிய பாத்திரத்திலும் வேண்டாம்.

கேள்விகளைப் பொறுத்தவரை, "சாமானெல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துச்சா?" என்பது ஒன்று போதும். சொந்த வீடா வாடகையா, என்ன வேலை, குழந்தையின் அப்பா எங்கே என்பதெல்லாம் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை. குறிப்பாகக் கடைசிக் கேள்வி, எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாலும் ஒருவரைக் காயப்படுத்திவிடக் கூடும்.

பேசும்போது அவர்கள் கையைக் கவனியுங்கள். கதவின் பிடியை விடாமல், பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று, "ம்... சரிங்க" என்று மட்டும் பதில் சொன்னால் கிளம்ப வேண்டிய நேரம். கதவை விட்டுவிட்டு வெளியே வந்து, அவர்களே உங்களிடம் ஏதாவது கேட்டால் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். முகம் சுளித்தால்தான் கிளம்புவது என்று காத்திருக்கக் கூடாது. முகம் சுளிக்கிற அளவுக்கு வந்தால் ஏற்கெனவே ரொம்ப நேரமாகியிருக்கும்.

அப்புறம் பொறுத்திருங்கள். அடுத்த அடி அவர்களுடையது. ஒரு வாரம் கழித்துப் படியில் பார்த்தால் சிரியுங்கள், "ஏன் கூப்பிடவே இல்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் அவர்களைச் சேர்ப்பதானாலும் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள். சிலர் ஒரே நாளில் ஒட்டிக்கொள்வார்கள், சிலருக்கு மாசக்கணக்காகும். கேஸ் வாடை வருகிறது, அவர்கள் வீட்டுக் குழாய் திறந்தே கிடக்கிறது என்பது மாதிரி ஏதாவது என்றால் மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் கதவைத் தட்டுங்கள்.

அவர்கள் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள், மூச்சு விட்டிருப்பார்கள். வால்வு இருக்கும் இடத்தை நீங்களே ஒரு முறை போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டு சீட்டை எழுதுங்கள். நாளை சாயங்காலம், விளக்கு வைக்கும் முன்பாகப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.