40% இறங்கி 40% ஏறியும் நஷ்டம் ஏன்?

“என் முதலீடு 40% இறங்கியது, அப்புறம் 40% ஏறியது. இன்னும் 16% நஷ்டம் என்கிறது செயலி. கணக்கு தப்பா?”

செயலி சரிதான். 100 போட்டீர்கள், 60 ஆனது. அடுத்த 40% கணக்காவது அந்த 60-இல்தான்; அது வெறும் 24. ஆக 84. முதலில் ஏறி அப்புறம் இறங்கியிருந்தாலும் இதே 84-தான், வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

இழந்த 40-ஐ மீதமுள்ள 60 சம்பாதித்துத் தர வேண்டும். 40/60, அதாவது சுமார் 66.7% ஏறினால்தான் அசல் திரும்பும். சூத்திரம்: இழந்த விகிதம் L என்றால், ஏற வேண்டியது L/(1−L); 40%-க்கு L = 0.4. 10% இழப்புக்கு 11.1% போதும், வலிக்காது. 50% போனால் 100% வேண்டும். 80% போனால் 400%! பள்ளம் ஆழமாக ஆக, தூக்கிவிட வேண்டிய பணமே இளைத்துக்கொண்டு போகிறது.

விலை 60-இல் இருக்கும்போது இன்னொரு 60 போட்டால், 160 முதலுக்கு மதிப்பு 120, தேவை 33.3% ஆகக் குறைந்துவிடும். ஆனால் இழந்த 40 அப்படியே இருக்கிறது, புதுப் பணமும் அதே ஆபத்தில் மாட்டியிருக்கிறது. இதைச் ‘சராசரி வாங்கிய விலை குறைந்தது’ என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.